கண்ணாடி பவர் ஏறியதா, இல்லையா? ஸ்பெரிக்கல் ஈக்விவலன்ட் என்னும் ஒற்றை எண்

பத்து வயதுப் பையனோடு ஓர் அம்மா வந்திருந்தார். கையில் இரண்டு சீட்டுகள். போன வருடச் சீட்டில் வலது கண்ணுக்கு −2.00 / −1.50 × 180 என்று எழுதியிருந்தது. இந்த வருடம் வேறோர் இடத்தில் பரிசோதித்த சீட்டில் −3.50 / +1.50 × 90.

"ஒரே வருஷத்துல ரெண்டுல இருந்து மூணரை ஆயிடுச்சே சார். இப்படியே போனா என்ன ஆகும்?" என்றார். பக்கத்தில் நின்ற அப்பா இன்னொரு கணக்குப் போட்டிருந்தார். அவர் இரண்டு எண்களையும் கூட்டிவிட்டார். போன வருடம் இரண்டும் ஒன்றரையும் சேர்த்து மூன்றரை, இந்த வருடம் மூன்றரையும் ஒன்றரையும் சேர்த்து ஐந்து. அவர் கணக்குப்படியும் ஒன்றரை ஏறியிருந்தது.

உண்மையில் அந்தக் கண்ணில் எதுவும் ஏறவில்லை. இரண்டு சீட்டிலும் இருப்பது ஒரே லென்ஸ், எழுதிய முறைதான் வேறு. அந்த அம்மாவைப் போல முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர்களும், அப்பாவைப் போல இரண்டையும் கூட்டிவிடுபவர்களும் நிறையப் பேர். இரண்டுமே தவறான வழி. பவரை ஒப்பிட ஒரு சரியான ஒற்றை எண் இருக்கிறது. அதற்கு ஸ்பெரிக்கல் ஈக்விவலன்ட் என்று பெயர். கண் மருத்துவமனைகளில் சுருக்கமாக எஸ்.இ. என்பார்கள். கம்ப்யூட்டர் டெஸ்ட் என்று நாம் சொல்லும் கருவி தரும் சின்னத் தாளின் அடியில் பல நேரம் S.E. என்ற எழுத்தோடு இந்த எண் அச்சாகியே வரும். யாரும் விளக்காததால் அது என்னவென்று தெரியாமலே போய்விடுகிறது.

### ஸ்பியர்: எல்லாப் பக்கமும் ஒரே வளைவு

ரப்பர் பந்தை எந்தப் பக்கமாகத் தடவினாலும் வளைவு ஒன்றுதான். பந்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தது போன்ற லென்ஸ்தான் ஸ்பியர் லென்ஸ். அது ஒளியை எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைக்கும். அதனால் தூரத்திலிருந்து வரும் ஒளியை ஒரு புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எவ்வளவு வளைக்கிறது என்பதை டையாப்டர் என்ற அலகில் சொல்கிறோம். லென்ஸ் ஒளியைக் குவிக்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து, ஒன்றை அதனால் வகுத்தால் டையாப்டர். ஒரு மீட்டரில் குவித்தால் 1 டையாப்டர், அரை மீட்டரில் குவித்தால் 2 டையாப்டர், 25 சென்டிமீட்டரில் குவித்தால் 4 டையாப்டர். தூரம் குறையக் குறைய பவர் கூடும். சீட்டில் "மைனஸ் ரெண்டு" என்பது இந்த டையாப்டர்தான். மைனஸ் என்றால் ஒளியை விரிக்கும் குழிலென்ஸ், கிட்டப்பார்வைக்கு உரியது. பிளஸ் என்றால் குவிலென்ஸ்.

### சிலிண்டர்: ஒரு பக்கம் வளைவு, மறு பக்கம் நேர்

அம்மிக் குழவியை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் விரலை ஓட்டினால் நேராகப் போகிறது. குறுக்கே ஓட்டினால் வளைந்து இறங்குகிறது. இப்படி ஒரு திசையில் வளைவும், அதற்குச் செங்குத்தான திசையில் வளைவே இல்லாமலும் இருக்கும் லென்ஸ்தான் சிலிண்டர்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். பக்கங்கள் நேராக இருக்கும் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி மேசையில் வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, அறையின் மறுகோடியிலிருந்து ஒருவர் டார்ச் அடிக்கட்டும். தம்ளருக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல்கடை தூரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஒளி புள்ளியாக விழாது. செங்குத்தான ஒரு பளிச்சென்ற கோடாக விழும். தம்ளர் பக்கவாட்டில் மட்டும்தான் வளைந்திருக்கிறது, அதனால் பக்கவாட்டில் மட்டும் ஒளியைக் குவிக்கிறது. மேலும் கீழுமாக விரிந்த ஒளி விரிந்தபடியே கிடக்கிறது.

தம்ளர் நிற்கும் திசை, அதாவது வளைவே இல்லாத அந்த நேர்த்திசைதான் ஆக்சிஸ். கிடைமட்டமாக இருந்தால் 180, செங்குத்தாக இருந்தால் 90. இதில் ஒன்றை மட்டும் மனதில் இருத்திக்கொண்டால் போதும்: ஆக்சிஸ் திசையில் சிலிண்டருக்குப் பவர் பூஜ்யம், அதற்குச் செங்குத்தான திசையில்தான் முழுப் பவர்.

கண்ணுக்கு ஏன் சிலிண்டர் தேவைப்படுகிறது? கருவிழியின் முன்பரப்பு எல்லோருக்கும் பந்து போல இருப்பதில்லை. கோழிமுட்டையைப் படுக்க வைத்தால் நீளவாக்கில் மெதுவாகவும் குறுக்கே வேகமாகவும் வளைகிறதே, அதுபோலச் சிலருடைய கருவிழி ஒரு திசையில் சற்றுக் கூடுதலாக வளைந்திருக்கும். இதைத்தான் பள்ளிப் பாடத்தில் பார்வைச் சிதறல் குறைபாடு என்று படித்தோம். 1825-இல் ஜார்ஜ் பிடல் ஏரி என்ற ஆங்கில வானியலாளர் தன் கண்ணில் இந்தக் குறையைத் தானே அளந்து, அதற்குச் சிலிண்டர் லென்ஸ் செய்து போட்டுக்கொண்டார்.

இதுவரை பார்த்ததை அந்தப் பையனின் சீட்டில் வைத்துப் பாருங்கள். −2.00 என்பது ஸ்பியர், எல்லாத் திசைக்கும் பொது. −1.50 என்பது சிலிண்டர், ஒரு திசைக்கு மட்டும். 180 என்பது அந்தச் சிலிண்டர் வேலை செய்யாத திசை.

### இரண்டும் சேர்ந்தால்

−2.00 / −1.50 × 180 என்ற லென்ஸைத் திசைவாரியாகப் படிப்போம். கிடைமட்டத்தில் சிலிண்டர் பூஜ்யம், அதனால் அங்கே வெறும் −2.00. செங்குத்தில் சிலிண்டர் முழுதாக வேலை செய்கிறது, அதனால் −2.00, −1.50 இரண்டும் சேர்ந்து −3.50. ஆக ஒரே லென்ஸுக்கு இரண்டு பவர்: படுக்கையாக −2.00, நிற்கையாக −3.50.

அப்படியானால் இந்த லென்ஸின் பவர் என்ன என்று யாராவது கேட்டால்? இரண்டு என்றால் குறைத்துச் சொல்கிறோம். மூன்றரை என்றால் கூட்டிச் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவில் −2.75 என்பதுதான் நியாயமான பதில். அதுதான் ஸ்பெரிக்கல் ஈக்விவலன்ட். சிலிண்டரில் பாதியை எடுத்து ஸ்பியரோடு சேர்த்தால் அந்த எண் நேராக வந்துவிடும்:

```
SE = SPH + (CYL ÷ 2)
SE = −2.00 + (−1.50 ÷ 2)
   = −2.00 − 0.75
   = −2.75
```

ஆக்சிஸ் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

### ஏன் பாதி?

இந்த இடத்தில்தான் பலருக்குச் சந்தேகம் வரும். படுக்கை, நிற்கை என்ற இரண்டு திசைகளின் சராசரியை மட்டும் எடுத்தால் போதுமா, இடையில் எத்தனையோ திசைகள் இருக்கின்றனவே என்று. நியாயமான சந்தேகம்.

ஆக்சிஸிலிருந்து விலக விலகச் சிலிண்டரின் பங்கு படிப்படியாகக் கூடுகிறது. 30 பாகை விலகினால் கால் பங்கு, 45 பாகையில் அரைப் பங்கு, 60 பாகையில் முக்கால் பங்கு, 90 பாகையில் முழுப் பங்கு. பையனின் லென்ஸில் இது முறையே −2.38, −2.75, −3.13, −3.50 என்று வரும். 30 பாகையில் குறைவது 60 பாகையில் கூடுவதால் ஈடாகிவிடுகிறது. எந்தத் திசையை எடுத்தாலும் அதற்குச் செங்குத்தான திசையோடு ஜோடி சேர்த்தால் இரண்டின் சராசரி −2.75 என்றே வரும். அதனால் அந்த இரண்டு திசைகளை மட்டும் எடுத்தாலும், மொத்தத் திசைகளையும் எடுத்தாலும் சராசரி மாறுவதில்லை.

இது எண்ணளவில் காரணம். ஒளி அளவில் இன்னும் அழகான ஒரு காரணம் இருக்கிறது. கிடைமட்டத்தில் +4.00, செங்குத்தில் +6.00 பவர் உள்ள ஒரு லென்ஸை எடுத்துக்கொள்வோம். தூரத்து விளக்கின் ஒளியை இது இரண்டு இடங்களில் குவிக்கும். ஆறு டையாப்டர் திசை ஏறக்குறைய 16.7 சென்டிமீட்டரில் ஒரு கோட்டை உண்டாக்கும். நான்கு டையாப்டர் திசை 25 சென்டிமீட்டரில் இன்னொரு கோட்டை, முதல் கோட்டுக்குச் செங்குத்தாக, உண்டாக்கும். தாளை மெதுவாகப் பின்னால் நகர்த்தினால் படுத்திருந்த கோடு தடித்து, நீள்வட்டமாகி, ஓரிடத்தில் சரியான வட்டமாகி, மறுபடி நீள்வட்டமாகி, நிற்கும் கோடாக மாறும். தாளில் புள்ளி ஒருபோதும் வராது. ஆனால் அந்த வட்டம் விழும் இடத்தில்தான் மங்கல் எல்லாப் பக்கமும் சமமாக, இருப்பதிலேயே குறைவாக இருக்கும். இதைக் குறைந்த மங்கல் வட்டம் என்று சொல்லலாம்.

அந்த வட்டம் எங்கே விழுகிறது? 20 சென்டிமீட்டரில். 20 சென்டிமீட்டர் என்றால் 5 டையாப்டர், அதாவது 4-க்கும் 6-க்கும் சரியாக நடுவில். சென்டிமீட்டரில் பார்த்தால் அது நடு அல்ல, 16.7-க்கும் 25-க்கும் நடு 20.8. பவர் கணக்கில்தான் அது நடுவில் விழுகிறது. ஆக, ஸ்பெரிக்கல் ஈக்விவலன்ட் என்பது தாளில் போட்ட வெறும் சராசரி அல்ல. அந்தக் குறைந்த மங்கல் வட்டம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. சிலிண்டர் இல்லாமல் வெறும் ஸ்பியர் ஒன்றை மட்டும் கண்முன் வைக்க வேண்டும் என்றால், விழித்திரையில் அந்த வட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் ஸ்பியர் இதுதான்.

பரிசோதனை அறையில் உட்கார்ந்திருக்கும்போது இது ஒவ்வொரு நாளும் கைக்கு வரும் விஷயம். சோதனை லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போடும் ட்ரையல் ஃப்ரேமில் சிலிண்டரைச் சரிபார்க்கும்போது, மைனஸ் சிலிண்டரை 0.50 கூட்டினால் ஸ்பியரில் +0.25 சேர்ப்போம். சிலிண்டரை 0.50 மாற்றியதில் வட்டம் 0.25 நகர்ந்திருக்கும், அதைத் திரும்ப விழித்திரைக்குக் கொண்டுவரத்தான் இந்த 0.25. அதைச் செய்ய மறந்தால், "முதல்ல பாத்தது நல்லாருந்துச்சா, இப்ப நல்லாருக்கா?" என்று கேட்கும் கேள்விக்கு வரும் பதிலை நம்ப முடியாது. சிலிண்டர் சரியானதால் தெளிந்ததா, மொத்தப் பவர் கூடியதால் தெளிந்ததா என்று தெரியாமல் போகும்.

சுருக்கமாக: சிலிண்டர் ஒரு திசையில் முழுதாகவும் மறு திசையில் பூஜ்யமாகவும் இருப்பதால் சராசரியில் அதன் பங்கு பாதி. அந்தச் சராசரிதான் மங்கல் மிகக் குறைந்த இடத்தையும் காட்டுகிறது.

### அந்த இரண்டு சீட்டுகள்

இப்போது அந்த அம்மாவின் இரண்டாவது சீட்டுக்கு வருவோம்: −3.50 / +1.50 × 90. சிலிண்டரின் பாதி +0.75. அதை −3.50-உடன் சேர்த்தால் −2.75. முதல் சீட்டிலும் −2.75.

எப்படி என்று திசைவாரியாகப் பார்த்தால் புரியும். ஆக்சிஸ் 90, அதனால் செங்குத்தில் சிலிண்டர் பூஜ்யம், பவர் −3.50. கிடைமட்டத்தில் −3.50-உடன் +1.50 சேர்ந்து −2.00. முதல் சீட்டைப் படித்தபோது வந்ததும் இதுதானே? சிலர் சிலிண்டரை மைனஸில் எழுதுவார்கள், சிலர் பிளஸ்ஸில் எழுதுவார்கள். கண்ணாடிக் கடைகளில் பெரும்பாலும் மைனஸ் முறை, கண் மருத்துவர்களில் பலர் பிளஸ் முறை. லென்ஸ் ஒன்றுதான். எப்படி எழுதினாலும் ஸ்பெரிக்கல் ஈக்விவலன்ட் மாறாது என்பதுதான் இந்த எண்ணின் முதல் பயன்.

அப்பா செய்த பிழையும் இங்கே தெரிகிறது. அவர் பிளஸ், மைனஸ் குறியை விட்டுவிட்டார். பாதி எடுக்காமல் முழுதாகவும் கூட்டிவிட்டார். நான் தாளில் இரண்டு வரிக் கணக்காகப் போட்டுக் காட்டியதும் அவரே மறுபடி ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப ஏறவே இல்ல" என்றார். அந்த அம்மாவின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

எழுதும் முறை ஒன்றாகவே இருந்தாலும் இந்தக் குழப்பம் வரும். ஓரிடத்தில் −2.00 / −1.50 என்றும் இன்னோர் இடத்தில் −2.25 / −1.00 என்றும் எழுதியிருப்பார்கள். ஸ்பியர் ஏறிவிட்டது, சிலிண்டர் இறங்கிவிட்டது, எதை நம்புவது? இரண்டுக்கும் ஈக்விவலன்ட் −2.75. பரிசோதிப்பவர் ஸ்பியருக்கும் சிலிண்டருக்கும் பவரைப் பிரித்துக் கொடுத்ததில் சின்ன வேறுபாடு, மொத்தத்தில் இல்லை.

### எங்கெல்லாம் பயன்படுகிறது

பிள்ளைகளின் கிட்டப்பார்வை வருடா வருடம் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியமான இடம். 2019-இல் சர்வதேச மயோபியா நிறுவனம் வெளியிட்ட வரையறை, கண் தளர்ந்திருக்கும் நிலையில் ஸ்பெரிக்கல் ஈக்விவலன்ட் −0.50 அல்லது அதைவிட அதிக மைனஸ் இருந்தால் கிட்டப்பார்வை என்கிறது. −6.00 அல்லது அதற்கு மேல் போனால் அது உயர் கிட்டப்பார்வை. −0.25 / −0.50 என்று சீட்டு உள்ள பிள்ளையை ஸ்பியரை மட்டும் பார்த்தால் கணக்கில் விட்டுவிடுவோம். ஈக்விவலன்ட் சரியாக −0.50, ஆகவே அந்தப் பிள்ளையும் கணக்கில் வரும்.

இன்னோர் இடம் கான்டாக்ட் லென்ஸ். சிலிண்டர் குறைவாக இருப்பவருக்குச் சிலிண்டர் இல்லாத சாதாரண லென்ஸே போதும் என்று முடிவு செய்தால், பவரை இந்தக் கணக்கில்தான் தேர்ந்தெடுப்பார்கள். −3.00 / −0.50 என்றால் −3.25 லென்ஸ். விழித்திரையில் வட்டம் விழுகிறது, மீதி மங்கல் இரண்டு பக்கமும் கால் டையாப்டர்தான், பெரும்பாலானவர்கள் உணர மாட்டார்கள். சிலிண்டர் 0.75 அல்லது அதற்கு மேல் என்றால் சிலிண்டரும் சேர்ந்த டோரிக் லென்ஸைத்தான் பொதுவாக யோசிப்பார்கள். பவர் நான்கைத் தாண்டினால் இன்னொரு திருத்தமும் உண்டு. கண்ணாடி கண்ணிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் போலத் தள்ளி நிற்கிறது, கான்டாக்ட் லென்ஸ் கண்ணிலேயே இருக்கிறது. கண்ணாடியில் −6.25 ஈக்விவலன்ட் உள்ளவருக்குக் கான்டாக்ட் லென்ஸில் −5.75 அளவே போதும்.

### இந்த எண் எதை மறைக்கிறது

கணக்கில் ஆக்சிஸ் வரவில்லை என்று சொன்னேன். சிலிண்டரும் பாதியாகக் கரைந்து உள்ளே போய்விடுகிறது. ஆகவே ஈக்விவலன்ட் ஒன்றாக இருப்பதால் கண்ணும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. −2.75 வெறும் ஸ்பியர் உள்ள ஒருவருக்கும் −1.00 / −3.50 உள்ள ஒருவருக்கும் ஈக்விவலன்ட் ஒன்றே. முதலாமவர் −2.75 கண்ணாடி போட்டால் கடைசி வரிசை வரை படிப்பார். இரண்டாமவர் அதே கண்ணாடியைப் போட்டால் எழுத்துகள் ஒரு பக்கமாக இழுபட்டு, நிழல் படிந்து தெரியும். அவருக்கு இருபக்கமும் 1.75 டையாப்டர் பிழை திருத்தப்படாமல் கிடக்கிறது.

அளக்கும் முறையும் மாறக்கூடாது. பிள்ளைகள் கம்ப்யூட்டர் கருவிக்குள் பார்க்கும்போது கண்ணை இறுக்கி உற்றுப் பார்ப்பார்கள். அப்போது மைனஸ் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதற்காகத்தான் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்து, உள்ளே இருக்கும் தசை தளர்ந்த பிறகு அளப்பது. போன வருடம் மருந்து விட்டு அளந்ததையும் இந்த வருடம் விடாமல் அளந்ததையும் ஒப்பிட்டு, பவர் ஏறிவிட்டது என்று சொல்வது சரியில்லை. ஒரே நாளில் இரண்டு முறை அளந்தாலே கால் டையாப்டர் முன்பின் வரும். அதனால் ஒரு கால் கூடியதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், ஒரு கால் குறைந்ததற்கு மகிழவும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றும் எண் பூஜ்யம். +1.00 / −2.00 × 180 என்ற சீட்டைப் போட்டுப் பாருங்கள். பாதி −1.00, +1.00-உடன் சேர்த்தால் 0.00. கருவித் தாளில் S.E. இடத்தில் பூஜ்யம் என்று அச்சாகும். பவரே இல்லை போல இருக்கும். ஆனால் ஒரு திசையில் +1.00, மறு திசையில் −1.00 பிழை இருக்கிறது. ஒளிக்கோடு ஒன்று விழித்திரைக்கு முன்னால் விழுகிறது, மற்றொன்று பின்னால் விழுகிறது. வகுப்பில் இருக்கும் அந்தப் பிள்ளை கரும்பலகையில் 3 எது, 8 எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும். புத்தகத்திலும் வரி தெளிவாக இருக்காது. இந்தப் பிள்ளையின் சீட்டில் ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ் மூன்றையும் படித்து, கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கும்போதும் அந்த மூன்றையும் அப்படியே எழுத வேண்டும்.